சிறு குழந்தைகள் உள்ள வீடுகளுக்கான தீபாவளிப் படத்தொடர்: எட்டு அட்டைகளில் எதை வைப்பது, எதை எடுப்பது?

ஆழினி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு மழலையர் பள்ளியில் ஆசிரியை. என் வகுப்புகளில் இரண்டரை வயது முதல் ஐந்து வயது வரை நாற்பது குழந்தைகள் இருக்கிறார்கள். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவதற்காக, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் படத்தொடர் ஒன்றைத் தயாரிக்கிறேன். மொத்தம் எட்டு அட்டைகள். இப்போதைக்கு நான் எழுதியிருப்பது இது:

1. பாதுகாப்பான தீபாவளி கொண்டாடுவோம். பட்டாசு நேரம் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை.
2. குழந்தைகளைத் தனியே விடாதீர்கள்.
3. பருத்தி ஆடை அணிவியுங்கள்.
4. வெடி வேண்டாம், கம்பி மத்தாப்பு போதும்.
5. விளக்குகளைக் கவனமாக வையுங்கள்.
6. அருகில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும்.
7. தீப்புண் பட்டால் தண்ணீர் ஊற்றுங்கள்.
8. இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்.

போன ஆண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று மூன்று குழந்தைகள் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருத்திக்கு உள்ளங்கால், ஒருவனுக்கு மூன்று விரல்கள், இன்னொருத்திக்குக் கெண்டைக்கால். மூன்றில் ஒன்றுகூட வெடியால் வந்ததில்லை. அதனால்தான் இந்த ஆண்டு ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். தயங்காமல் குறை சொல்லுங்கள்.

பழைய தீயணைப்பாளர்

அம்மா, தயங்க வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டதால் நேராகவே சொல்கிறேன். தீயணைப்புத் துறையில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் நான். உங்கள் எட்டு அட்டைகளில் நான்காவது அட்டைதான் எனக்குக் கவலை தருகிறது. "வெடி வேண்டாம், கம்பி மத்தாப்பு போதும்" என்று படித்ததும் பெற்றோர் என்ன நினைப்பார்கள்? மத்தாப்பு தீங்கற்றது, குழந்தை கையில் கொடுக்கலாம் என்று நினைப்பார்கள். நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் அந்த நம்பிக்கைக்கு உங்கள் அட்டை முத்திரை குத்திக் கொடுக்கிறது.

அடுப்பில் வடை வேகும் எண்ணெய் ஏறக்குறைய 180 பாகை செல்சியஸ். எரியும் கம்பி மத்தாப்பு 1,000 பாகையைத் தாண்டும். வாணலிக்குப் பக்கத்தில் குழந்தையை விடாத அதே தாய், மத்தாப்பைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கிறாள். அவள் அக்கறையில்லாதவள் இல்லை. அந்த வெப்பத்தை அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன். போன ஆண்டு உள்ளங்கால் சுட்ட அந்தக் குழந்தைக்கு எப்படி நடந்தது? எரிகிற மத்தாப்பிலா, அணைந்த மத்தாப்பிலா?

ஆழினி

அணைந்ததில்தான் ஐயா. மொட்டை மாடியில் நடந்தது. அண்ணன் எரித்து முடித்த கம்பியைத் தரையில் போட்டிருக்கிறான். இவள் செருப்பில்லாமல் ஓடி வந்து மிதித்துவிட்டாள். நான் கட்டு மாற்றும்போது பார்த்தேன். பாதத்தின் குறுக்கே, கோடு போட்டதுபோல, கம்பியின் கனத்திலேயே ஒரு கொப்புளம். அவள் அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "அது அணைந்துதானே போயிருந்தது, மிஸ்."

பழைய தீயணைப்பாளர்

அந்த ஒரு வரிக்காகத்தான் கேட்டேன். உங்கள் தொடரே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மத்தாப்பின் மருந்து தீர்ந்ததும் கம்பி சில நொடிகள் சிவந்து நிற்கும், பிறகு கறுத்துவிடும். கறுத்துவிட்டால் ஆறிவிட்டது என்று கண் சொல்கிறது. ஆனால் இரும்பின் சிவப்பு கண்ணுக்கு மறைவதே 500 பாகைக்குப் பக்கத்தில்தான். அதாவது கம்பி "அணைந்து போனது" என்று நாம் கீழே போடும் நொடியில், வடைச் சட்டி எண்ணெயைப் போல இரண்டு மூன்று மடங்கு சூட்டில் இருக்கலாம். அதோடு இருட்டில், சாம்பல் நிறத் தரையில், கறுப்புக் கம்பி கண்ணில் படாது. எரியும் மத்தாப்பைக் கண்டு குழந்தை சற்று ஒதுங்கும். அணைந்த கம்பியைப் பார்த்தால் குனிந்து பொறுக்கும். விரல் சுட்ட பையனுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மணலாற்றான்

ஐயா சொல்வது சரி. அதற்குத்தான் எங்கள் வீட்டில் மணல் வாளி வைத்திருக்கிறோம். எரிந்த கம்பியை மணலில் குத்திவிட்டால் போதும். தண்ணீர் தேவையில்லை, தரையும் ஈரமாகாது, யாரும் வழுக்கி விழ மாட்டார்கள். ஆறாவது அட்டையில் தண்ணீருக்குப் பதில் மணல் என்று மாற்றலாம்.

இன்னொன்று: மூன்றாவது அட்டையை இன்னும் அழுத்திச் சொல்லுங்கள். பருத்தி போட்டுவிட்டால் பாதிக் கவலை போய்விடும். நைலான்தான் எமன்.

பழைய தீயணைப்பாளர்

தம்பி, மணல் நல்லதுதான், ஆனால் இந்த வேலைக்கு இல்லை. மணல் தீயை மூடும், சூட்டை எடுக்காது. மணலில் குத்திய கம்பி நெடுநேரம் சூடாகவே இருக்கும். அது மட்டுமில்லை, வாளியில் வரிசையாகக் குச்சிகள் நட்டு வைத்திருந்தால் மூன்று வயதுப் பிள்ளை அதை விளையாட்டுப் பொருளாகத்தானே பார்க்கும்? ஒன்றை உருவாமல் விடாது. தண்ணீரில் தலைகீழாக விட்டால் "சுர்" என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தோடு சூடு போயிற்று. குழந்தைக்கும் அதைச் செய்யப் பிடிக்கும்: "சுர் என்று கேட்டாயா? இப்போது அடுத்தது." என் பேத்திக்கு மத்தாப்பைவிட அந்தச் சத்தம்தான் பிடித்திருந்தது.

மணல் வாளியை விளக்குக்குப் பக்கத்தில் வையுங்கள். எண்ணெய் பற்றி எரிந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, அங்கே மணல்தான் வேண்டும்.

வார்டு செவிலி

தீக்காயப் பிரிவில் வேலை செய்கிறேன். தண்ணீர் வாளிக்கு என் ஆதரவு உண்டு, ஆனால் ஆறாவது அட்டையில் ஒரு வரி கூடுதலாக வேண்டும். நடக்கப் பழகிய குழந்தை உள்ள வீட்டில் தண்ணீர் நிறைந்த வாளி என்பதே தனி ஆபத்து. அந்த வயதில் தலை கனம் அதிகம். எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் தானாக எழ முடியாது, சத்தமும் வராது. அரை வாளி போதும், அது பெரியவர் ஒருவரின் காலடியில் இருக்க வேண்டும், எரித்து முடித்ததும் அந்தத் தண்ணீரைக் குப்பை மேல் கொட்டிவிட வேண்டும். "ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும்" என்று மட்டும் எழுதினால், அது இரவு முழுக்க முற்றத்தில் இருக்கும்.

பருத்தியைப் பற்றி: மணலாற்றான் சொன்னதில் பாதி சரி. நைலான், பாலியஸ்டர் வகைத் துணிகள் உருகித் தோலில் ஒட்டும், அதை எடுப்பது பெரும் வேதனை. பருத்தி உருகாது, ஆனால் எரியும். மெல்லிய, தளர்ந்த, பல அடுக்கு வைத்த பருத்திப் பாவாடை மிக வேகமாக எரியும். துணியின் வகையோடு அதன் வடிவத்தையும் பாருங்கள். தரையைத் தொடும் விளிம்பு, தொங்கும் துப்பட்டா, அகன்ற கை இவைதான் தீயைப் போய்த் தொடுகின்றன. உடம்போடு ஒட்டிய பருத்திச் சட்டையும் முழங்கால் வரை கால்சட்டையும் போதும், காலுக்கு மூடிய காலணி.

கார்த்திகைப் பூ

அது எப்படி அம்மா முடியும்? எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி உடுத்துவதுதானே தீபாவளி. பேத்திக்குப் பட்டுப் பாவாடை தைத்து வைத்துவிட்டு, பழைய கால்சட்டையைப் போட்டு மத்தாப்பு கொளுத்து என்றால் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். என் மருமகளே கேட்க மாட்டாள்.

வார்டு செவிலி

சரிதான் அம்மா, புதுத்துணியை விட வேண்டாம். காலையில் உடுத்தி, கும்பிட்டு, படம் எடுத்து, உறவினர் வீட்டுக்கெல்லாம் போய் வரட்டும். மத்தாப்பு கொளுத்தும் அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும் மாற்றுங்கள். புதுத்துணியில் பொறி பட்டு ஓட்டை விழாது என்று மருமகளிடம் சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்தக் காரணம்தான் எடுபட்டது.

பசுமை விரும்பி

இவ்வளவு பேசுவதற்குப் பதில் பட்டாசே வேண்டாம் என்று ஒரே அட்டையில் சொல்லிவிடலாமே? புகை, சத்தம், பறவைகள், நாய்கள். உச்ச நீதிமன்றம் 2018இலேயே பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்று சொன்னது. பசுமைப் பட்டாசு வாங்குங்கள் என்றாவது ஒரு அட்டை வையுங்கள்.

ஆழினி

உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் என் பெற்றோரில் பெரும்பாலோர் கொளுத்தத்தான் போகிறார்கள். இந்தத் தொடர் அந்த மாலை நேரத்துக்கானது. பசுமைப் பட்டாசில் புகைதான் குறைவு, பிஞ்சு விரலைச் சுடும் சூடு குறைவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அந்தப் பெயரைப் பார்த்து, குழந்தை கையில் கொடுக்கலாம் போல என்று யாராவது நினைத்துவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது.

கெண்டைக்கால் சுட்ட குழந்தையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவளுக்கு வயது நான்கு. வாசலில் கோலத்தைச் சுற்றி அகல் விளக்குகள் ஏற்றி வைத்திருந்தார்கள். அதில் ஒன்றில் மத்தாப்பைப் பற்ற வைக்கக் குந்தி உட்கார்ந்திருக்கிறாள். பாவாடை விளிம்பு பின்னால் இருந்த விளக்கில் விழுந்துவிட்டது. அப்பா கையாலேயே கசக்கி அணைத்துவிட்டார், நல்லவேளை. ஐந்தாவது அட்டையில் "கவனமாக வையுங்கள்" என்பது போதவில்லை என்று எனக்கே தோன்றுகிறது. எப்படி எழுதுவது?

பழைய தீயணைப்பாளர்

இந்த நிகழ்ச்சியை நீங்கள் முதலிலேயே சொல்லியிருக்கலாம். விளக்கும் மத்தாப்பும் சந்திக்கும் இடம் அதுதான், எந்த விழிப்புணர்வுத் தாளிலும் அது வருவதில்லை. விளக்குக்கு ஓர் அட்டை, மத்தாப்புக்கு ஓர் அட்டை என்று பிரித்து வைத்திருப்பதால்தான் இரண்டுக்கும் நடுவில் நடப்பது விடுபட்டுப் போகிறது.

அந்தக் குழந்தை என்ன செய்தாள் என்று மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தரையில் உள்ள அகலில் பற்ற வைக்க வேண்டுமானால் குந்த வேண்டும். குந்தினால் பாவாடை சுற்றிலும் விரியும், கோலத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் விளக்கு. மத்தாப்பு உடனே பற்றாது. கொஞ்சம் நமுத்திருந்தால் பத்து நொடிக்கு மேலும் ஆகும். பற்றவில்லையே என்று குழந்தை இன்னும் குனியும், முகம் கிட்டே வரும், முன்முடி விழும். அப்போதுதான் அது திடீரென்று பொரியும். திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தால் அங்கே அடுத்த விளக்கு. கீழே சொட்டும் மருந்துத் துளி அகலின் எண்ணெயில் விழுந்தால் அது வேறு.

ஆகவே அட்டையில் எழுத வேண்டியது ஒன்றே: மத்தாப்பை அகலில் பற்ற வைக்கக் கூடாது. பெரியவர் நின்றுகொண்டு, இடுப்பு உயரத்தில் திண்ணையிலோ முக்காலியிலோ வைத்த மெழுகுவர்த்தியில் பற்ற வைத்து, நன்றாகப் பொரியத் தொடங்கிய பிறகு கொடுக்க வேண்டும். விளக்கு ஓர் இடம், மத்தாப்பு ஓர் இடம், இரண்டுக்கும் நடுவில் குறைந்தது பத்தடி. மத்தாப்புப் பெட்டி இரண்டிலிருந்தும் தள்ளி, மூடிய டப்பாவில்.

இரட்டையர் அப்பா

எங்களுக்கு மூன்று வயதில் இரட்டைப் பிள்ளைகள். அடுக்குமாடியில் மூன்றாவது தளம். எனக்கு மத்தாப்பைவிடக் குத்துவிளக்குதான் பயம். போன கார்த்திகைக்கு ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தான். விளக்கு சாய்ந்ததை என் தங்கை பிடித்துவிட்டாள், எண்ணெய் மட்டும் கொட்டிற்று. மேசைமேல் வைத்தேன், மேசை விரிப்பைப் பிடித்து இழுக்கிறார்கள். எங்கேதான் வைப்பது?

பழைய தீயணைப்பாளர்

குத்துவிளக்கு மேல்பாகம் கனம், அடி சின்னது. பிடித்து நிற்கப் பார்க்கிற வயதில் பிள்ளை இருக்கும்வரை அதைத் தரையில் ஏற்றாதீர்கள். சிறிய காமாட்சி விளக்கோ அகலோ போதும், விரிப்பு இல்லாத உயரமான பலகையில்.

எவ்வளவு உயரம் என்று கேட்பீர்கள். பொதுவான எண் சொன்னால் உதவாது, உங்கள் பிள்ளையை வைத்து அளந்து பாருங்கள். சுவரோரம் நிறுத்தி, நுனிக்காலில் நின்று கையை நீட்டச் சொல்லி, விரல் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். அதற்கு மேல் ஒரு முழம். பக்கத்தில் ஏறி நிற்க நாற்காலி, வாளி, பெட்டி எதுவும் இருக்கக் கூடாது. திரைச்சீலை காற்றில் எவ்வளவு தூரம் வருகிறது என்று மின்விசிறியைப் போட்டே பாருங்கள். ஜன்னலை மூடி வைத்துப் பார்த்துவிட்டு, மாலையில் திறந்துவிடுவோம்.

வாசலுக்கு: கோலத்தைச் சுற்றிலும் வைக்காமல் ஒரே பக்கமாக, சுவரோரம், நடக்கும் வழியை முழுக்க விட்டு வையுங்கள். புது அகலை முந்தைய இரவே தண்ணீரில் ஊறப் போட்டுக் காயவைத்தால் எண்ணெயைக் குடிக்காது, தரையிலும் கசியாது. தட்டில் மணல் பரப்பி அதன்மேல் அகலை வைத்தால், கசிந்தாலும் திரி சரிந்தாலும் தட்டோடு போகும்.

வரைகோல்

படங்கள் வரைவதுதான் என் தொழில், அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆழினி, உங்கள் அட்டைகள் வாட்ஸ்அப்பில் போகும்போது வரிசை நிற்காது. யாரோ ஒருவர் ஐந்தாவதை மட்டும் தன் அக்காவுக்கு அனுப்புவார். அங்கே அது தனியாக நிற்கும். அதனால் ஒவ்வோர் அட்டையும் தன்னந்தனியாகப் பொருள் தர வேண்டும், "மேலே சொன்னபடி" என்பதே வரக் கூடாது.

இன்னொரு முக்கியமான விஷயம். குழந்தை அகலில் மத்தாப்பு பற்ற வைப்பதுபோல வரைந்து மேலே சிவப்புப் பெருக்கல் குறி போட நினைக்காதீர்கள். அலைபேசியில் முதலில் கண்ணில் படுவது படம். அந்தப் படம் அழகாக இருக்கும், விளக்கொளியில் பாவாடைக் குழந்தை! அதைப் பார்க்கும் நான்கு வயதுக்காரிக்குப் பெருக்கல் குறி புரியாது, பாப்பா மத்தாப்பு கொளுத்துகிறாள் என்றுதான் புரியும். செய்ய வேண்டியதையே வரையுங்கள்: தாத்தா நின்றுகொண்டு பற்ற வைக்கிறார், பாப்பா தள்ளி நிற்கிறாள். இரண்டாவது அட்டையும் எட்டாவது அட்டையும் எதுவும் சொல்லவில்லை, எடுத்துவிடுங்கள். முதல் அட்டையில் நேரத்தைச் சிறியதாக ஓரத்தில் போடுங்கள், "அணைந்த கம்பிதான் சுடும்" என்று பெரிதாக ஒரே வரி. தள்ளிப் பார்க்கலாமா என்று வாசகர் முடிவு செய்வது அந்த முதல் அட்டையில்தான்.

வார்டு செவிலி

"அணைந்த கம்பியும் சுடும்" என்று போடுங்கள். எரிகிறது சுடாது என்று யாராவது படித்துவிடப் போகிறார்கள்.

ஏழாவது அட்டைக்கு வருகிறேன், எனக்கு அதுதான் மனத்தில் நிற்கிறது. "தண்ணீர் ஊற்றுங்கள்" என்றால் மக்கள் ஒரு சொம்பு ஊற்றுவார்கள், பிறகு பற்பசை தடவுவார்கள். உங்கள் வகுப்புக் குழந்தைக்கு உள்ளங்காலில் என்ன தடவினார்கள் என்று கேட்டீர்களா?

ஆழினி

பற்பசைதான். பாட்டி தடவியிருக்கிறார்கள். மருத்துவமனையில் அதைத் துடைத்து எடுத்தபோது, சுட்டதைவிட அப்போதுதான் அதிகம் அழுதாள் என்று அம்மா சொன்னார்.

வார்டு செவிலி

எங்களிடம் வரும் குழந்தைகளில் இதைத்தான் அடிக்கடி பார்க்கிறோம். பற்பசை, மஞ்சள், பேனா மை, காபித்தூள், நெய். அந்தப் பாட்டியைக் குறை சொல்லவில்லை, கையில் இருந்ததைப் பாசத்தோடு தடவியிருக்கிறார். ஆனால் அது சூட்டை உள்ளே பிடித்து வைக்கிறது, புண்ணின் ஆழம் மருத்துவருக்குத் தெரியாமல் மறைக்கிறது, எடுக்கும்போது தோலையும் சேர்த்து எடுக்கிறது.

அன்று அந்த மொட்டை மாடியில் என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராகக் குளியலறைக்கு. கொலுசைக் கழற்ற வேண்டும், அரை மணியில் கால் வீங்கினால் பிறகு கழற்ற வராது. மடியில் உட்கார வைத்து, குழாயை மெல்லிய ஒழுக்காகத் திறந்து, பாதத்தில் 20 நிமிடம் விட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து 20. உங்கள் மனத்துக்கு அரை மணி நேரமாகத் தோன்றும்போது கடிகாரத்தில் நான்கு நிமிடம்தான் ஆகியிருக்கும். தோலின் மேல்பகுதி குளிர்ந்த பிறகும் அடியில் சூடு வேலை செய்துகொண்டே இருக்கிறது, அதை நிறுத்தத்தான் இவ்வளவு நேரம். ஐஸ் கூடாது, அது ஏற்கெனவே நொந்த தோலுக்கு ரத்தம் வருவதையும் குறைத்துவிடும். குழாய் இல்லாவிட்டால் சுத்தமான தண்ணீரில் பாதத்தை முக்கி வைத்து, வெதுவெதுப்பானதும் தண்ணீரை மாற்றுங்கள்.

சிறு குழந்தை சீக்கிரம் குளிர்ந்து நடுங்கும். புண்ணில் மட்டும் தண்ணீர், மற்ற உடம்பைப் போர்வையால் சுற்றிக்கொள்ளுங்கள். உடனே செய்ய முடியாமல் போனாலும், மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. பிறகு துவைத்துக் காய்ந்த பழைய வேட்டித் துணியால் தளர்வாக மூடி, மருத்துவரிடம். பஞ்சு வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். கொப்புளத்தை உடைக்க வேண்டாம்.

"சின்னப் புண்தானே, மருத்துவமனை எதற்கு" என்பவர்களுக்கு ஓர் அளவு: குழந்தையின் சொந்த உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அதன் உடம்பில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. புண் அதைவிடப் பெரிதென்றால் தாமதிக்கவே கூடாது. முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டு என்றால் எவ்வளவு சிறிதானாலும் காட்ட வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு எங்கே பட்டாலும் அப்படித்தான். பெரிய விபத்தென்றால் 108.

மணலாற்றான்

கண்ணில் பொறி பட்டாலும் இதே 20 நிமிடத் தண்ணீர்தானே? அதையும் அதே அட்டையில் சேர்த்துவிடலாம்.

வார்டு செவிலி

சேர்க்க வேண்டாம், அது வேறு. பட்டாசு கண்ணில் பட்டால் கழுவாதீர்கள், கசக்க விடாதீர்கள், அழுத்தாதீர்கள், மருந்து ஊற்றாதீர்கள். கண்விழி கிழிந்திருக்கிறதா என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. கிழிந்திருந்தால் அழுத்தமும் தண்ணீரும் கேடு. ஒரு காகிதக் கோப்பையைக் கண்ணைத் தொடாமல் கவிழ்த்து ஒட்டி, நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். இதற்குத் தனி அட்டையே வேண்டும்.

மணலாற்றான்

நல்ல வேளை, கேட்டேன். போன ஆண்டு என் அக்கா மகனுக்கு நாங்கள் கழுவித்தான் விட்டோம். வெறும் தூசியாக இருந்ததால் தப்பித்தோம் போலிருக்கிறது.

ஆழினி

எல்லோருக்கும் நன்றி. எட்டை ஆறாக்கிவிட்டேன். தொடர் இப்போது ஒரே ஒரு மத்தாப்பின் பின்னால் போகிறது: பற்ற வைப்பதில் தொடங்கி வாளியில் முடியும் வரை. ஐந்தாவது 20 நிமிடம், ஆறாவது கண். நான்காவது அட்டையை மட்டும் இங்கே போடுகிறேன்:

"எரிந்து முடிந்ததும் கம்பி கறுத்துவிடும், சூடு போகாது. பெரியவர் கையில் வாங்கித் தலைகீழாக அரை வாளித் தண்ணீரில் விடவும். சுர் என்று கேட்ட பிறகே அடுத்த மத்தாப்பு. முடிந்ததும் வாளியைக் கொட்டிவிடவும்."

மூன்றாவது அட்டையில்தான் இன்னும் நிற்கிறேன். யார் கையில் மத்தாப்பு? ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை பிடிக்கவே கூடாது, தள்ளி நின்று பார்க்கட்டும் என்று எழுதியிருக்கிறேன். இடுப்பில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அதன் கையில் மத்தாப்பைப் பிடித்துக் காட்டுவதும் கூடாது என்றும் சேர்த்தேன், ஏனென்றால் பொறி விழும் உயரத்தில்தான் அதன் தொடை இருக்கிறது.

வார்டு செவிலி

அப்படியே விடுங்கள். ஐந்துக்குக் கீழ் கூடாது என்பதில் நான் மாற மாட்டேன். அந்த வயதில், சுட்டால் கையை விரித்துக் கீழே போட வேண்டும் என்பது வராது. பயந்தால் இன்னும் இறுகப் பிடிப்பார்கள்.

பழைய தீயணைப்பாளர்

மருத்துவமாகப் பார்த்தால் செவிலியம்மா சொல்வது சரி. ஆனால் நான் பார்த்த வீடுகளில் நான்கு வயதுக்குக் கொடுக்கத்தான் போகிறார்கள். "கூடாது" என்று மட்டும் எழுதினால் அந்த அட்டையைத் தள்ளிவிட்டுக் கொடுப்பார்கள், எப்படிக் கொடுப்பது என்று தெரியாமலே கொடுப்பார்கள். கூடாது என்று எழுதிவிட்டு, அடியில் ஒரு வரி: கொடுத்தே ஆக வேண்டுமென்றால் நீளமான கம்பி, ஒரு குழந்தைக்கு ஒரு நேரத்தில் ஒன்று, பின்னால் நின்று அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். சேர்த்துக் கட்டிக் கொளுத்தவே கூடாது, ஒன்றாகப் பற்றிக்கொண்டால் அது மத்தாப்பாக இருக்காது.

வரைகோல்

அந்த அடிவரி அனுமதிச் சீட்டாகப் படிக்கப்படும் ஐயா. ஒரு அட்டையில் ஒரு "கூடாது"வும் ஒரு "ஆனால்"உம் இருந்தால், மக்கள் "ஆனால்"ஐத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

ஆழினி

இரண்டும் சரியாகவே படுகிறது. இன்று இரவு சக ஆசிரியைகளிடம் கேட்டுவிட்டு முடிவெடுக்கிறேன். சனிக்கிழமை அட்டைகள் போகின்றன.

இரட்டையர் அப்பா

விளக்கு இடத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். இருவரையும் சுவரோரம் நிறுத்தி எட்டச் சொன்னேன். பெரியவன் 116 சென்டிமீட்டர் தொட்டான். சின்னவன் பக்கத்தில் இருந்த செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் கால் வைத்து 139 தொட்டான். அலமாரியை வெளியே தள்ளிவிட்டேன். பலகையை 170இல் அடிக்கச் சொல்லியிருக்கிறேன், தச்சர் நாளை வருகிறார்.